புதுமனை புகுவிழா அழைப்பிதழ்: ஒரு வரைவை வரிவரியாகத் திருத்துவோம்

வீடு கட்டி முடித்த என் சித்தப்பா மகன், அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அழைப்பிதழ் வரைவை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினான். "அண்ணா, ஒரு தடவை பார்த்துக் கொடுங்க. பெரியவங்க கையில போற காகிதம், தப்பு இருக்கக் கூடாது" என்று கீழே ஒரு வரி. அவன் பயந்தது எழுத்துப்பிழைக்கு. எழுத்துப்பிழையும் இருந்தது. ஆனால் எனக்கு முதலில் கண்ணில் பட்டவை வினைமுடிவுகள். யார் யாரை அழைக்கிறார்கள், யார் விழாவை நடத்துகிறார்கள் என்பதே நான்கு வரிக்குள் மாறி மாறி வந்தது.

பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த வரைவை அப்படியே இங்கே வைக்கிறேன்.

> புதுமணை புகுவிழா அழைப்பிதல்
>
> அன்புடையீர்,
>
> நிகழும் விசுவாவசு வருடம் தை மாதம் 9ம் தேதி (23.01.2026) வெள்ளிகிழமை காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் நாம் புதிதாக கட்டியுள்ள இல்லத்தின் புதுமணை புகுவிழாவை என் பெற்றோர் நடத்தி வைக்கிறார். அவ்வமையம் தாங்கள் உங்கள் சுற்றமும் நட்பும் சூல வந்து விழாவை சிறப்பித்து தரவும். அனைவரையும் அன்புடன் அழைக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> திரு. (கணவர் பெயர்) – திருமதி (மனைவி பெயர்) அவர்கள்

இதைத் திருத்த ஒரு வரிசை உண்டு. எழுத்துகளில் தொடங்கினால், பிறகு வினையை மாற்றும்போது சொற்கள் இடம் மாறி, போட்ட ஒற்றையெல்லாம் மறுபடியும் பார்க்க வேண்டி வரும். அதனால் முதலில் வினை, அப்புறம் ஒற்று, கடைசியில் எழுத்து.

முதல் படி: ஒவ்வொரு வினைக்கும் ஆளைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பென்சிலை எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். இந்த வரைவில் முக்கியமானவை நான்கு: கட்டியுள்ள, நடத்தி வைக்கிறார், சிறப்பித்து தரவும், அழைக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் அதைச் செய்பவர் யார் என்று எழுதிப் பாருங்கள்.

கட்டியவர்கள் கணவனும் மனைவியும். வரைவில் 'நாம்' என்று இருக்கிறது. தமிழில் நாம் என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுவார். 'நாம் புதிதாகக் கட்டியுள்ள இல்லம்' என்று எழுதினால், அழைப்பிதழைப் படிக்கிறவரும் சேர்ந்து கட்டிய வீடு என்று ஆகும். படிப்பவரை விலக்கி, எழுதுபவர்களை மட்டும் குறிக்கும் சொல் 'நாங்கள்'. ஆகவே 'நாங்கள் புதிதாகக் கட்டியுள்ள'. சிலர் 'நாம்' என்பதுதான் மரியாதை என்று நினைக்கிறார்கள். மேடைப் பேச்சில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம் அது. அழைப்பிதழுக்குப் பொருந்தாது.

அழைப்பவர்களும் அதே இருவர். அப்படியானால் 'அழைக்கிறேன்' என்று ஒருமையில் முடிக்க முடியாது. கீழே இரண்டு பெயர் இருந்தால் 'அழைக்கிறோம்'. ஒரே பெயர் இருந்தால் மட்டுமே 'அழைக்கிறேன்'. இந்தத் தவறு எப்படி நுழைகிறது என்றால், வரைவை எழுதுகிறவர் ஒருவர். அவர் தன் குரலில் தொடங்கி, கடைசியில் இரண்டு பெயரைப் போடுகிறார். அதனால் கையொப்பத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ப மேலே வினையை அமைப்பது நல்லது. 'அழைக்கிறோம்', 'அழைக்கின்றோம்' இரண்டும் சரி. ஒரே அழைப்பிதழில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அழைப்பிதழ்களில் இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. '...தருமாறு அன்புடன் அழைக்கும்' என்று முடித்து, அடுத்த வரியில் பெயர்களைப் போட்டிருப்பார்கள். 'அழைக்கும்' பெயரெச்சம் என்பதால் அதற்கு ஒருமை பன்மை வேறுபாடு இல்லை. கீழே ஒரு பெயர் வந்தாலும் ஐந்து பெயர் வந்தாலும் பொருந்தும். இப்படி எழுதினால் 'அழைக்கும்' என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள், 'இப்படிக்கு' என்றும் போடாதீர்கள். அந்தச் சொல் நேராகப் பெயரில் போய் முடிய வேண்டும். நடுவில் எதையாவது நுழைத்தால் வாக்கியம் தொங்கிவிடும்.

இரண்டாம் படி: விருந்தினருக்கு உரிய மரியாதை

அழைப்பிதழின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'அன்புடையீர்' என்று தொடங்கியதுமே நீங்கள் ஒரு நிலையை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அது 'அன்புடையார்' என்பதன் விளி, மரியாதையாகக் கூப்பிடுவது. அங்கே ஏறிய படியிலிருந்து கடைசி வரி வரை இறங்கக் கூடாது. நம் வரைவில் 'தாங்கள்' என்று சரியாகத்தான் வருகிறது. ஆனால் அடுத்த சொல்லே 'உங்கள்'. தாங்கள் என்றால் தங்கள், தங்களை, தங்களுக்கு என்றுதான் போக வேண்டும். நீங்கள் என்றால் உங்கள், உங்களை, உங்களுக்கு. இரண்டு வரிசையில் எதை எடுத்தாலும் குற்றமில்லை, கலக்கத்தான் கூடாது.

'தாங்கள்', 'தங்கள்' இரண்டுக்கும் நடுவே ஒரு கால்தான் வித்தியாசம். அது அச்சில் அடிக்கடி விழுந்துவிடும். 'தங்கள் வந்து சிறப்பிக்க' என்று ஒரு கால் குறைந்தாலும், 'தங்களுடைய' என்ற பொருளில் தொடங்கி எங்கும் போகாத வாக்கியமாகிவிடும். வருகிறவர் தாங்கள், அவருடைய குடும்பம் தங்கள் குடும்பம் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. நம் வரைவில் 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ' என்று திருத்தலாம். இலக்கணப்படி சரி, ஆனால் வாயில் இடறுகிறது. 'தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ' என்றாலே யாருடைய சுற்றம் என்று விளங்கும். நான் 'தங்கள்' என்பதை எடுத்துவிட்டேன்.

அடுத்தது 'தரவும்'. இதில் இலக்கணப் பிழை இல்லை, ஒருமையும் இல்லை. பலர் இதைத்தான் மிகவும் மரியாதையான வடிவம் என்று நம்புகிறார்கள். ஆனால் இந்த '-வும்' முடிவை நாம் எங்கே பார்க்கிறோம்? 'படிவத்தை நிரப்பவும்', 'வரிசையில் நிற்கவும்', 'காலணிகளை வெளியே விடவும்.' அது அறிவிப்புப் பலகையின் குரல். சொல்கிறவர் யாரென்று தெரியாது, கேட்கிறவர் யாராக இருந்தாலும் சரி. வீட்டுக்கு வரச் சொல்லிக் கைகூப்பும் இடத்தில் அந்தக் குரல் ஒட்டாது.

வரச் சொல்வதில் தமிழில் பல படிகள் இருக்கின்றன. 'வா' என்பது உரிமை. 'வாருங்கள்' என்பது மரியாதை, நேரில் பேசும் நெருக்கமும் அதில் உண்டு. 'வர வேண்டும்' என்பதில் கொஞ்சம் வற்புறுத்தல் இருக்கிறது, உறவினருக்கு இனிக்கும். 'வருமாறு அழைக்கிறோம்' என்பதில்தான் கட்டளை முழுவதுமாகக் கரைந்துபோகிறது. காரணம், அந்த வாக்கியத்தின் முற்றுவினை விருந்தினருடையது இல்லை, நம்முடையது. வருவது அவர் விருப்பம், அழைப்பது மட்டுமே நம் செயல். அதனால்தான் அழைப்பிதழ்கள் காலங்காலமாக '-மாறு' என்று எழுதி 'அழைக்கிறோம்' என்று முடிக்கின்றன. '-படி' என்றும் எழுதலாம்: 'வரும்படி அழைக்கிறோம்'. 'கேட்டுக்கொள்கிறோம்' என்று மட்டும் முடிக்காதீர்கள், அதுவும் ஒலிபெருக்கி அறிவிப்பை நினைவுபடுத்தும்.

ஆகவே வரைவில் இருந்த கடைசி இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கிவிடலாம். '...வந்து விழாவைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் அழைக்கிறோம்.' 'அனைவரையும்' என்பது இப்போது தேவையில்லை. கையில் வைத்துப் படிக்கிற ஒருவரைத் 'தாங்கள்' என்று அழைத்துவிட்டு, அடுத்த மூச்சில் அவரைக் கூட்டத்தில் ஒருவராக்குவது சரியில்லை. 'வந்து' என்பதை 'வந்திருந்து' என்று மாற்றினேன். தலையைக் காட்டிவிட்டுப் போகாமல் கூட இருக்க வேண்டும் என்ற விருப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

மூன்றாம் படி: பெரியவர்களின் வினை, நம் பெயர்

'என் பெற்றோர் நடத்தி வைக்கிறார்' என்பதில் இரண்டு கோளாறு. பெற்றோர் இருவர், பன்மை. 'வைக்கிறார்கள்' அல்லது 'வைக்கின்றனர்' என்று வர வேண்டும். '-ஆர்' ஒருவரை மரியாதையாகச் சொல்வது. மரியாதை வந்துவிட்டது என்று மனம் சமாதானம் ஆகிவிடுவதால், பன்மை விட்டுப்போனது தெரிவதில்லை.

இன்னொன்று 'என்'. கீழே கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கும்போது 'என் பெற்றோர்' என்றால் யாருடைய பெற்றோர்? 'எங்கள் பெற்றோர்' என்று மாற்றி, பெயர்களையும் போட்டுவிட்டால் ஐயம் தீரும். அவன் சொன்னது தன் அப்பா அம்மாவை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இருந்தால் நான்கு பெயரையும் போடுவதுதான் முறை, ஒரு பக்கத்தை மட்டும் போட்டால் மற்றவர் மனம் நோகும் என்றேன். ஒத்துக்கொண்டான்.

ஒருவர் மட்டும் நடத்தி வைக்கும்போது வேறொரு கேள்வி வரும். பெயருக்குப் பின் 'அவர்கள்' என்று போட்டால் வினை 'வைக்கிறார்' என்றா, 'வைக்கிறார்கள்' என்றா? இரண்டு வழக்கும் அச்சில் உண்டு. 'அவர்கள்' என்று எழுதினால் 'வைக்கிறார்கள்' என்றும், பெயர் மட்டும் எழுதினால் 'வைக்கிறார்' என்றும் முடிப்பது என் வழக்கம். அழைப்பிதழில் சொல்லும் வினையும் கண்ணுக்கு ஒத்துப்போக வேண்டும். பெரியவர் காலமாகியிருந்தால் வினையே கொடுக்காமல், 'அமரர் (பெயர்) அவர்களின் ஆசியுடன்' என்று தொடக்கத்தில் வைத்துவிடுங்கள்.

இனி கையொப்பம். பிறருக்குக் கொடுக்கும் மரியாதையை நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளக் கூடாது. 'திரு.', 'திருமதி', 'அவர்கள்' மூன்றும் பெரியவர்கள் பெயரோடு இருக்கட்டும். அழைப்பவர் பெயர் வெறும் பெயராக நிற்பதுதான் பணிவு. படித்த பட்டத்தைப் போடுவது அவரவர் விருப்பம். 'இப்படிக்கு' என்பது கடிதத்துக்கும் விண்ணப்பத்துக்கும் உரியது. இங்கே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பது இதமாக இருக்கும். அதுவும் பெயரெச்சம்தான், நேராகப் பெயரில் போய் முடியும்.

நான்காம் படி: ஒற்று

வல்லின ஒற்று என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ஓர் அழைப்பிதழுக்கு முழு இலக்கணமும் தேவையில்லை. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படித் தொடங்கினால் முந்தைய சொல்லின் கடைசியைப் பாருங்கள்.

'ஐ' உருபு இருந்தால் ஒற்று மிகும்: விழாவைச் சிறப்பித்து, தங்களைக் குடும்பத்துடன். 'கு' உருபு இருந்தாலும் மிகும்: விழாவுக்குத் தாங்கள். 'ஆக' என்று முடிந்தாலும் மிகும்: புதிதாகக் கட்டியுள்ள. வினையெச்சத்தில் 'த்து' போன்ற வல்லினம் இரட்டித்து வந்தால் மிகும்: சிறப்பித்துத் தருமாறு. 'ந்து' என்று மெல்லினத்தோடு வந்தால் மிகாது: வந்து சிறப்பிக்குமாறு, வந்து கலந்துகொண்டு. இந்த 'வந்து' இடத்தில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் ஒற்றைப் போடுகிறார்கள். போடாமல் விடுவதைவிட, தவறாகப் போட்ட ஒற்று அதிகமாக உறுத்தும்.

கிழமைப் பெயர்களில் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, வியாழக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒரே சொல், நடுவில் ஒற்று உண்டு. புதன்கிழமையில் ஒற்று இல்லை. திங்கள் கிழமையோடு சேரும்போது திங்கட்கிழமை ஆகும்.

தலைப்பில் 'புதுமனை புகுவிழா' என்றா, 'புதுமனைப் புகுவிழா' என்றா? இரண்டு விதமாகவும் அச்சில் வருகிறது. மனை புகுந்தான், நகர் புகுந்தான் என்று வினையோடு சேரும் இடத்தில் ஒற்று மிகுவதில்லை. 'புகு' இங்கே வினைதான், அதனால் நான் 'புதுமனை புகுவிழா' என்றே எழுதுகிறேன். 'புகு விழா' என்று பிரிக்க வேண்டாம். வினைத்தொகை, சேர்ந்தே நிற்கும்.

ஐந்தாம் படி: பொருளையே மாற்றும் எழுத்துகள்

இந்த வரைவில் இருந்த எழுத்துப்பிழைகளில் சில சும்மா பிழைகள் இல்லை, வேறு சொற்கள். கணினியின் பிழைதிருத்தி இவற்றைப் பிடிக்காமல் விடுவதற்கு அதுதான் காரணம். 'மனை' வீடு. 'மணை' உட்காரும் பலகை. 'புதுமணை புகுவிழா' என்றால் புதுப் பலகைக்குள் புகுகிற விழா. 'சூழ' என்றால் சுற்றி நிற்க. 'சூல்' கருப்பத்தைக் குறிப்பது. 'விழா'வில் ழ போய் ல வந்தால் 'விலா', விலா எலும்பு. 'அழைக்கிறோம்' என்பது 'அலைக்கிறோம்' ஆனால், வருகிறவரை அலைக்கழிக்கிறோம் என்று பொருள்.

'அழைப்பிதழ்' என்பதில் இரண்டு ழ. முதல் ழவைச் சரியாகத் தட்டிவிட்டு இரண்டாவதில் அசந்துபோகிறோம். அழைப்பு + இதழ் என்று பிரித்துப் பார்த்தால் மறக்காது. 'அவ்வமயம்' என்பதும் அப்படித்தான். அ + அமயம். அமயம் என்றால் வேளை. 'மையம்' இதில் இல்லை. சொல் பழையதாகத் தோன்றினால் 'அப்போது' என்று எழுதுங்கள், தவறே இல்லை. '9ம்' என்பதை '9ஆம்' என்று எழுத வேண்டும். எண்ணோடு சேர்வது 'ஆம்', வெறும் 'ம்' இல்லை.

இனித் திருத்திய வடிவம்.

> புதுமனை புகுவிழா அழைப்பிதழ்
>
> அன்புடையீர்,
>
> நிகழும் விசுவாவசு வருடம் தை மாதம் 9ஆம் தேதி (23.01.2026) வெள்ளிக்கிழமை காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள், நாங்கள் புதிதாகக் கட்டியுள்ள இல்லத்தின் புதுமனை புகுவிழாவை எங்கள் பெற்றோர் (பெயர்கள்) நடத்தி வைக்கிறார்கள். அவ்வமயம் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து விழாவைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் அழைக்கிறோம்.
>
> தங்கள் நல்வரவை விரும்பும்
> (கணவர் பெயர்) – (மனைவி பெயர்)

நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப இது கனமாக இருக்கிறது என்று அவன் சொன்னான். நியாயம்தான். அதற்காக 'வந்துடுங்க' என்று இறங்க வேண்டியதில்லை, வரிசையை மட்டும் மாற்றினால் போதும்:

> அன்பு நண்பர்களுக்கு, வரும் 23.01.2026 வெள்ளிக்கிழமை காலை எங்கள் புது வீட்டின் புதுமனை புகுவிழா. நீங்கள் உங்கள் குடும்பத்துடன் அவசியம் வாருங்கள். உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி தரும்.

'அன்புடையீர்' போய் 'அன்பு நண்பர்களுக்கு' வந்தது. தாங்கள் போய் நீங்கள், உங்கள் வந்தன. 'தருமாறு' போய் 'வாருங்கள்' வந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே படியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

அச்சுக்குப் போகும் முன்

அச்சகங்கள் பலவற்றில் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அங்கே மாற்றிப் போடுவார்கள், அல்லது பார்த்து மறுபடி தட்டுவார்கள். சரியாக அனுப்பியது சரியாகவே வரும் என்ற உறுதி இல்லை. கொம்பும் காலும் இடம் மாறும், ஒற்றுப்புள்ளி விழும். அதனால் மெய்ப்பு வந்ததும் திரையில் பார்க்காமல் காகிதத்தில் எடுத்து, ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கையில் மூல வரைவை வைத்துக்கொண்டு பாருங்கள். 'தாங்கள்' என்பதில் கால் இருக்கிறதா, 'அழைப்பிதழ்' என்பதில் இரண்டு ழவும் இருக்கின்றனவா, 'சிறப்பித்துத்' என்பதில் கடைசி 'த்' நிற்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் நாட்காட்டியைத் திறந்து ஒன்றோடொன்று சரிபாருங்கள். பழைய அழைப்பிதழிலிருந்து நகலெடுத்துத் திருத்தும்போது வருடப் பெயர் மாறாமலே நின்றுவிடும். விசுவாவசு வருடம் 2026 ஏப்ரலில் முடிந்து பராபவ தொடங்கும். தையில் நடக்கும் விழாவுக்கு விசுவாவசு, அதே விழா வைகாசிக்குத் தள்ளிப்போனால் பராபவ. தேதியை மாற்றிவிட்டு வருடப் பெயரை மறந்த அழைப்பிதழ்கள் என் கைக்கே வந்திருக்கின்றன. தம்பியின் மெய்ப்பில் அது சரியாக இருந்தது. ஆனால் அவன் பெயருக்கு முன் 'திரு.' மறுபடி முளைத்திருந்தது. அச்சகத்தில் மரியாதைக்காக அவர்களே சேர்த்திருந்தார்கள். அடித்துத் திருப்பி அனுப்பினோம்.